ராஜினாமா கடிதம் "கைக்கு வரவே இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது? மின்னஞ்சலா, ஏ.ஆர். தபாலா, நேரிலா?

வாணி_பிறை | ஞாயிறு, 8 பிப்ரவரி 2026, இரவு 9.40

வணக்கம். மலேசியாவில், பிறையில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் கிளையில், கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 2,800 வெள்ளி. தலைமை அலுவலகம் சுங்கைப்பட்டாணியில். ஹெச்.ஆர். மேனேஜர் உட்காருவதும் அங்கேதான். பாயான் லெப்பாஸில் புது வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரல் 1 தொடக்கம். எனவே மார்ச் 31 இங்கே கடைசி நாளாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ்.

பயம் என்னவென்றால், போன வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர் கடிதத்தைக் கிளை மேனேஜரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது என்று சொல்லி, நோட்டீஸ் போதவில்லை என்று கடைசிச் சம்பளத்தை முழுதாக வெட்டிவிட்டார்கள். அவரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எனக்கு அப்படி ஆகாமல் இருக்க மின்னஞ்சல் அனுப்புவதா, ரெஜிஸ்டர் தபாலா, நேரில் போய்க் கொடுப்பதா?

செந்தூல்_குமார் | 8 பிப்ரவரி, இரவு 10.15

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். ஏ.ஆர். ரெஜிஸ்டர் தபால் ஒன்றுதான் சட்டப்படி செல்லும். வக்கீல்கள் ஏன் எல்லாக் கடிதத்தையும் அதில் அனுப்புகிறார்கள்? மின்னஞ்சல் எழுத்து ஆகாது, யாரும் மதிக்க மாட்டார்கள். தபால் ஆபிஸில் அட்டையை நிரப்பி ஒட்டிவிட்டால், அவர்கள் கையெழுத்துப் போட்ட அட்டை உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். அதோடு கதை முடிந்தது.

லாரி_ராஜா | 8 பிப்ரவரி, இரவு 10.50

24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள். நான் போன கம்பெனியில் அப்படித்தான் செய்தேன். வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வரமாட்டேன் பாஸ்" என்று போட்டேன், நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அரை மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாணி_பிறை | 8 பிப்ரவரி, இரவு 11.05

ராஜா அண்ணே, நான் நோட்டீஸ் கொடுக்காமல் போக வழி கேட்கவில்லை. ஒழுங்காகக் கொடுத்த நோட்டீஸை அவர்கள் இல்லை என்று சொல்ல முடியாமல் செய்ய வழி கேட்கிறேன்.

பழைய_பெர்சனல் | திங்கள், 9 பிப்ரவரி, காலை 7.20

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இந்த வேலையைத்தான் பார்த்து ஓய்வு பெற்றவன். அப்போதெல்லாம் பெர்சனல் டிபார்ட்மெண்ட் என்றுதான் பெயர்.

ராஜாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நோட்டீஸ் இல்லாமல் போகலாம். ஆனால் போகிறவர் மீதி நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தை முதலாளிக்குக் கட்ட வேண்டும். அதைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள வேலைச் சட்டம் 1955 முதலாளிக்கு அனுமதி தருகிறது, உங்கள் சம்மதம்கூட வேண்டாம். ராஜாவுக்கு அரை மாதம் வராமல் போனது அப்படித்தான் இருக்கும்.

வாணியின் பக்கத்து மேசைக்காரருக்கும் அடி விழுந்தது இதே இடத்தில்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் மீதி உள்ள காலத்துக்கு மட்டும்தான் இழப்பீடு என்கிறது. கடிதம் உண்மையிலேயே பத்து நாள் தாமதம் என்று வைத்துக்கொண்டாலும் அவர்கள் பத்து நாள் சம்பளம் கழித்திருக்கலாமே தவிர, முழு மாதத்தை அல்ல. அவர் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தால், கடித ஆதாரம் இல்லாமலேயே பாதிக்கு மேல் திரும்ப வாங்கியிருப்பார்.

இப்போது உங்கள் கேள்வி. இந்த மாதிரி வழக்குகளில் "நீ ராஜினாமா செய்யவே இல்லை" என்று யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் தேதிக்குத்தான். அதனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள் அனுப்பியதை அல்ல, இன்ன தேதிக்குள் அவர்களிடம் சேர்ந்ததை. எப்படிச் சேர்ப்பது என்பதை உங்கள் ஒப்பந்தம்தான் முதலில் சொல்லும். நோட்டீஸ் பற்றிய பகுதி, அறிவிப்புகளை எந்த முகவரிக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்ற பகுதி, இரண்டையும் தேடி இங்கே எழுதுங்கள். இரண்டாவது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும்.

குமார், மின்னஞ்சல் எழுத்து ஆகாது என்றீர்கள். பொருள் விளக்கச் சட்டங்கள் 1948, 1967 என்று ஒன்று இருக்கிறது. அதில் "எழுத்து" என்பதற்குள் மின்னணு வழியாகச் சேமிப்பதும் அனுப்புவதும் அடங்கும். எழுத்தா இல்லையா என்பதில் பிரச்சினை இல்லை. போய்ச் சேர்ந்ததா, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததா என்பதுதான் பிரச்சினை.

வாணி_பிறை | 9 பிப்ரவரி, மதியம் 1.10

ஐயா, சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். நீங்கள் சொன்னபடியே கடைசிப் பக்கம். "ஒரு மாத எழுத்து மூல நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று ஒரு பகுதி. இன்னொன்றில், அறிவிப்புகள் மேலே உள்ள முகவரிக்கு ஹெச்.ஆர். மேனேஜர் பெயருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. முகவரி சுங்கைப்பட்டாணி. மின்னஞ்சல் என்ற பேச்சே இல்லை.

செந்தூல்_குமார் | 9 பிப்ரவரி, மதியம் 1.25

பார்த்தீர்களா, பதிவுத் தபால். நான் சொன்னேனே!

பழைய_பெர்சனல் | 9 பிப்ரவரி, மாலை 5.40

குமார் இந்த ஒப்பந்தத்துக்கு முக்கால்வாசி சரி. மின்னஞ்சலை மட்டும் நம்பி வாணி இருக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் தபாலை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

முதலில், நோட்டீஸ் எந்த நாளிலிருந்து ஓடும்? தபாலில் போட்ட நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா? சில ஒப்பந்தங்களில் தபாலில் சேர்த்த மூன்றாம் நாள் கிடைத்ததாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருக்கும். வாணியின் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்றால், கிடைத்த நாளைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். சீனப் பெருநாள் இந்த வருடம் பிப்ரவரி 17. அந்த வாரம் தபால் எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, அந்த அட்டை எதைச் சொல்கிறது? ஓர் உறை வந்தது, ஒருவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். உறைக்குள் என்ன இருந்தது என்று அது சொல்லாது. உள்ளே வெறும் விடுப்புக் கடிதம்தான் இருந்தது என்று சாதித்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கவுண்டரில் தபால் எண் கிடைத்ததும், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, கடிதத்தின் நகலை இணைத்து ஹெச்.ஆருக்கு அன்றே மின்னஞ்சல் போட வேண்டும். "இந்தக் கடிதத்தின் மூலப் பிரதி இந்த எண்ணில் தபாலில் வருகிறது" என்று எழுதிவிட்டால், உறைக்குள் வேறு ஏதோ இருந்தது என்று பிறகு சொல்வது கஷ்டம்.

கையெழுத்து யாருடையது என்பதிலும் தகராறு வரும். பெரும்பாலும் வாசலில் இருக்கும் காவலாளி, இல்லையென்றால் வரவேற்பு மேசைப் பெண். அது பரவாயில்லை, நிறுவனத்தின் முகவரியில்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அட்டை உங்களிடம் திரும்பி வர வாரக் கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். இணையத்தில் தபால் எண்ணைத் தட்டினால் சேர்ந்த தேதி வரும். அதை அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் வாங்காமல் உறை உங்களிடமே திரும்பி வந்தால் அதைத் திறக்காதீர்கள். திறக்காத உறைதான் உங்கள் ஆதாரம். முத்திரைத் தேதி வெளியே இருக்கும், திரும்பியதற்கான காரணமும் வெளியே இருக்கும், கடிதம் உள்ளே இருக்கும். தொழிலாளர் இலாகா அதிகாரியே அதைத் திறக்கட்டும்.

மெர்தாஜாம்_டீச்சர் | 9 பிப்ரவரி, இரவு 8.30

நான் ஒரு தனியார் பாலர் பள்ளியில் இருந்து விலகியபோது நேரில்தான் கொடுத்தேன். இரண்டு பிரதி எடுத்துப் போனேன், ஒன்றில் கிளார்க் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் நிம்மதியாக வந்துவிட்டேன். பிறகு பார்த்தால் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை! அவர்கள் கோப்பில் இருந்த பிரதியில் "பெறப்பட்டது" முத்திரை அடுத்த வாரத் தேதியில் விழுந்திருந்தது. நல்லவேளை, தலைமையாசிரியை நேர்மையானவர், பிரச்சினை ஆகவில்லை. ஆனால் வாணி, முத்திரை இருக்கிறதா என்பதை விட அதில் உள்ள தேதியைப் பாருங்கள்.

பழைய_பெர்சனல் | 9 பிப்ரவரி, இரவு 9.15

டீச்சர் சொன்னது தங்கமான விஷயம். உங்கள் பிரதியிலேயே கீழே நான்கு வரி அச்சடித்து எடுத்துப் போங்கள்: பெற்றவர் பெயர், பதவி, தேதி, நேரம். பக்கத்தில் கம்பெனி முத்திரைக்கு இடம். கோடு போட்ட இடத்தைக் கண்டால் கை தானாக நிரப்பும். வெறும் காகிதத்தை நீட்டினால் ஒரு கிறுக்கல் கையெழுத்துத்தான் கிடைக்கும். அவர்கள் தேதி போடாமல் கொடுத்தால் நீங்களாகத் தேதி எழுதாதீர்கள். அங்கேயே திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

வாணி_பிறை | 9 பிப்ரவரி, இரவு 9.50

வாங்கவே மாட்டேன் என்று சொன்னால் ஐயா? எங்கள் முதலாளி "உன் ராஜினாமாவை நான் ஏற்கவில்லை" என்று கிழித்துப் போடுகிற ஆள்.

பழைய_பெர்சனல் | செவ்வாய், 10 பிப்ரவரி, காலை 7.05

கிழிக்கட்டும். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து விலகுவது உங்கள் உரிமை, அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை. கடிதம் அவர்களிடம் சேர்ந்துவிட்டால் போதும். இதன் மறுபக்கமும் தெரிந்து கொள்ளுங்கள்: சேர்ந்த பிறகு மனம் மாறினால், அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் நீங்களும் திரும்பப் பெற முடியாது.

அதனால்தான் கடிதத்தின் வாசகம் முக்கியம். நம் ஆட்கள் மரியாதை என்று நினைத்து "தயவுசெய்து என் ராஜினாமாவைப் பரிசீலித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுவார்கள். அது விண்ணப்பம் போல ஆகிவிடுகிறது. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று இழுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். "இக்கடிதத்தின் மூலம் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறேன். என் கடைசி வேலை நாள் 31 மார்ச் 2026" என்று நேராக எழுதுங்கள். நன்றி சொல்வதென்றால் அதற்குக் கீழே சொல்லிக்கொள்ளலாம்.

வாங்க மறுத்தால், உங்களோடு வந்தவர் பார்க்க மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். வண்டியில் உட்கார்ந்ததும் மின்னஞ்சல் போடுங்கள்: இன்ன நேரத்தில், இன்னாரிடம், இன்னார் முன்னிலையில் கடிதத்தைக் கொடுத்தேன், கையெழுத்திட மறுத்தார், நகல் இணைப்பில். சம்பவம் நடந்த சூட்டோடு எழுதியதற்கு இருக்கும் மதிப்பு, ஒரு மாதம் கழித்து எழுதிய புகாருக்கு இருக்காது. கூட வருகிறவர் அதே கம்பெனி ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. அவருக்கும் அங்கே சம்பளம் என்றால் பிறகு வாய் திறக்கத் தயங்குவார்.

இனித் தேதிக் கணக்கு. சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்த நாளும் நோட்டீஸ் காலத்தில் சேரும். அதனால் மார்ச் 31 முடிய வேண்டுமென்றால் மார்ச் 1 அன்று சேர்ந்தால் சரியாக ஒரு மாதம். மார்ச் 2 என்றால் ஒரு நாள் குறை. உங்கள் சம்பளத்தில் அது 90 வெள்ளி சொச்சம்தான், உயிர் போகாது. ஆனால் புது வேலைக்கு முதல் நாளே பழைய கம்பெனியோடு தகராறு வேண்டாம் அல்லவா?

இப்போது சுங்கைப்பட்டாணி அலுவலகத்துக்கு வார விடுமுறை எந்த நாள்?

வாணி_பிறை | 10 பிப்ரவரி, மதியம் 12.55

வெள்ளியும் சனியும். கெடா வழக்கப்படி. எங்கள் கிளைக்கு ஞாயிறு விடுமுறை. சீனப் பெருநாளுக்கு இரண்டு இடத்திலும் 16 முதல் அடைப்பு. தலைமை அலுவலகம் 22 ஞாயிறு திறக்கும், எங்கள் கிளை 23 திங்கள்.

பழைய_பெர்சனல் | 10 பிப்ரவரி, மாலை 6.10

அப்படியென்றால் 22 ஞாயிறு உங்களுக்காகவே செய்த நாள். உங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். லீவு போட வேண்டாம், ஏன் போகிறாய் என்று கிளையில் யாரும் கேட்க மாட்டார்கள். பிறையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். நோன்பு மாதம் தொடங்கியிருக்கும், அலுவலகம் சீக்கிரம் முடியலாம், மதியத்துக்கு முன் போங்கள்.

22 அன்று நேரில். அங்கிருந்தே மின்னஞ்சல். 23 திங்கள் ஏ.ஆர். தபால். மூன்றில் ஏதாவது ஒன்று மார்ச் 1-க்குள் சேர்ந்தது என்று நிற்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நாள் தாமதம் என்ற அவர்களுடைய பழைய பாட்டைப் பாட இடம் விடாதீர்கள்.

செந்தூல்_குமார் | 10 பிப்ரவரி, இரவு 7.30

தபாலை அந்த முகவரிக்கு அனுப்பாமல், எஸ்.எஸ்.எம்.-இல் பதிவான அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள் ஐயா. அதுதான் சட்டப்படியான முகவரி. ஒரு கம்பெனி சுயவிவரம் வாங்கினால் தெரிந்துவிடும்.

பழைய_பெர்சனல் | 10 பிப்ரவரி, இரவு 8.00

கம்பெனி மீது வழக்குப் போடும்போது அந்த முகவரிதான். ராஜினாமாவுக்கு ஒப்பந்தம் ஒரு முகவரியைச் சொன்ன பிறகு அதை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போடுவது வம்பு. பதிவு அலுவலகம் என்பது பாதி நேரம் கம்பெனி செக்ரட்டரி நிறுவனத்தின் முகவரியாக இருக்கும். அவர்கள் நூறு கம்பெனிக்கு வேலை பார்ப்பார்கள், உங்கள் உறை அங்கிருந்து ஹெச்.ஆர். மேசைக்கு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் உள்ள அலுவலகம் மூடிக் கிடந்தாலோ இடம் மாறிப் போயிருந்தாலோ, கூடுதலாக அங்கேயும் ஒன்று அனுப்பலாம்.

மேகலா_ஐடி | 10 பிப்ரவரி, இரவு 10.20

நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஊழியர் ராஜினாமா கொடுத்தார் என்று தகவல் வந்தால் எங்களுக்கு வரும் முதல் வேலை அவர் கணக்கை முடக்குவதுதான். சில இடங்களில் அதே மதியம். அலுவலகக் கணக்கிலிருந்து கடிதத்தை அனுப்பிவிட்டு, அதன் பிரதி Sent-இல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அந்தப் பெட்டியே உங்களுக்கு இருக்காது.

நான் சொல்லும் முறை: சொந்த ஜிமெயிலில் இருந்து ஹெச்.ஆர். மேனேஜருக்கு அனுப்புங்கள், உங்கள் அலுவலக முகவரியை Cc-இல் சேருங்கள். ஏன் என்றால், உங்கள் Sent-இல் இருக்கும் பிரதி நீங்கள் அனுப்பியதை மட்டும்தான் காட்டும், அங்கே போய்ச் சேர்ந்ததைக் காட்டாது. அலுவலகப் பெட்டியில் வந்து இறங்கிய பிரதியில்தான் கம்பெனியின் சர்வர் எத்தனை மணிக்கு வாங்கியது என்ற வரி இருக்கும். கணக்கு முடங்குவதற்குள் அந்தப் பிரதியைத் திறந்து .eml கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தலைப்பு வரிகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மாதிரிக்கு:

```
Date: Sun, 22 Feb 2026 10:52:31 +0800
Received: by mx.example.com; Sat, 21 Feb 2026 18:52:33 -0800
```

கீழ் வரியில் 21 சனிக்கிழமை என்று இருக்கிறதே என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே நேரம்தான். கடைசியில் உள்ள +0800 நம் ஊர் நேரம், -0800 அமெரிக்க மேற்குக் கரை நேரம். நள்ளிரவை ஒட்டி அனுப்பினால் இது பெரிய குழப்பம் ஆகும், அதனால் பகலில் அனுப்புங்கள்.

கடிதத்தை இணைப்பாக மட்டும் வைக்காமல், உடலிலும் அதே வாசகத்தை எழுதுங்கள். இணைப்பு திறக்கவில்லை என்பது பழைய சாக்கு. படித்ததற்கான ரசீது கேட்கும் வசதி இருக்கிறது, ஆனால் பெறுபவர் வேண்டாம் என்று ஒரு சொடுக்கில் மறுத்துவிடலாம். அதை நம்ப வேண்டாம்.

லாரி_ராஜா | 10 பிப்ரவரி, இரவு 10.45

திரும்பி வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்தது என்றுதானே அர்த்தம்?

மேகலா_ஐடி | 10 பிப்ரவரி, இரவு 10.55

அப்படிச் சொல்ல முடியாது அண்ணே. முகவரி தவறு என்றால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால் திரும்பாது. வேலையை விட்டுப் போன மேனேஜரின் பெட்டி இன்னும் திறந்தே இருந்தாலும் திரும்பாது, ஆனால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் மேனேஜர் பெயரில் உள்ள முகவரி, ஹெச்.ஆர். பொது முகவரி இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். "விடுப்பில் இருக்கிறேன்" என்று தானாக ஒரு பதில் வந்தால் எரிச்சல் படாதீர்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மின்னஞ்சல் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது என்று அவர்களுடைய சர்வரே எழுதிக் கொடுத்த சான்று அது.

பழைய_பெர்சனல் | புதன், 11 பிப்ரவரி, காலை 7.30

மேகலா சொன்னதோடு என்னுடைய பழைய தந்திரம் ஒன்று. எல்லா ரசீதையும் விட நல்ல ஆதாரம் அவர்கள் எழுதும் பதில். ராஜினாமா மின்னஞ்சலுக்குப் பதில் போட மனம் வராது, ஆனால் கேள்வி கேட்டால் வரும். கடைசியில் "மீதமுள்ள விடுப்பு எத்தனை நாள், மடிக்கணினியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?" என்று இரண்டு கேள்வி வையுங்கள். ஹெச்.ஆரில் இருக்கும் சின்னப் பிள்ளை யாராவது வேலை முடிய வேண்டும் என்று பதில் எழுதிவிடுவார். மடிக்கணினியை எங்கே கொடுப்பது என்று சொல்லிவிட்டு, ராஜினாமாவே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செந்தூல்_குமார் | 11 பிப்ரவரி, காலை 9.00

எனக்கு இன்னும் ஒப்பவில்லை. மின்னணு வணிகச் சட்டம் 2006 என்று இருக்கிறது, அதன்படி மின்னஞ்சல் பெறுபவர் குறிப்பிட்ட அமைப்புக்குள் நுழைந்ததும் கிடைத்ததாக ஆகும். சரி. ஆனால் அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்குத்தானே? வேலை ஒப்பந்தத்துக்கு எப்படி வரும்? ஐயா சொல்லட்டும்.

பழைய_பெர்சனல் | 11 பிப்ரவரி, மதியம் 12.20

நல்ல கேள்வி. பொருள், சேவை பரிமாற்றம், முகவாண்மை, காப்புறுதி என்று அந்தச் சட்டம் பேசுகிறது. வேலை ஒப்பந்தத்தைச் சேவை என்று அதற்குள் இழுக்கலாம் என்பார் ஒரு வக்கீல், முடியாது என்பார் இன்னொருவர். நான் அந்த வாதத்தில் வாணியின் சம்பளத்தைப் பந்தயம் வைக்க மாட்டேன். அதனால்தான் நேரில் முதலில், மின்னஞ்சல் இரண்டாவது. மின்னஞ்சலின் அச்சுப் பிரதியை ஆதாரமாகக் காட்டுவதற்கு வேறு வழி இருக்கிறது, சாட்சியச் சட்டம் 1950-இல் கணினி ஆவணத்துக்கென்றே 90ஏ பிரிவு. ஆதாரமாக ஏற்பது வேறு, ஒப்பந்தம் சொன்ன முறையில் நோட்டீஸ் கொடுத்ததாக ஆவது வேறு.

வாணி_பிறை | ஞாயிறு, 22 பிப்ரவரி, மதியம் 12.40

போய்விட்டு வந்தேன். அண்ணன் கூட வந்தான். ஹெச்.ஆர். மேனேஜர் இல்லை, பெருநாள் விடுப்பு நீட்டியிருக்கிறார். உதவியாளர், மேனேஜர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கோபப்படவில்லை, அவருக்கும் பயம். வரவேற்பு மேசையில் உள்வரும் தபால் முத்திரை இருந்தது. அங்கே கேட்டேன், அந்த அக்கா யோசிக்காமல் இரண்டு பிரதியிலும் குத்திக் கொடுத்துவிட்டார். தேதி 22 பிப்ரவரி, தெளிவாக இருக்கிறது. பெயர், நேரம் வரிகளையும் நிரப்பினார்.

கார் நிறுத்தும் இடத்திலிருந்தே மின்னஞ்சல் போட்டேன், உதவியாளர் மறுத்ததையும் வரவேற்பில் கொடுத்ததையும் எழுதி, விடுப்புக் கேள்வியும் மடிக்கணினிக் கேள்வியும் சேர்த்து. உடனே தானியங்கிப் பதில்: மேனேஜர் 25-ஆம் தேதி வரை விடுப்பு. மேகலா அக்கா, பத்திரப்படுத்திவிட்டேன்.

மேகலா_ஐடி | 22 பிப்ரவரி, மதியம் 1.05

அருமை. அலுவலகப் பெட்டியில் வந்த பிரதியை இன்றே இறக்கிவிடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

செந்தூல்_குமார் | 22 பிப்ரவரி, மதியம் 1.30

நாளை தபாலையும் போட்டுவிடுங்கள் தங்கச்சி. வரவேற்பு மேசையில் கொடுத்தது மேனேஜருக்குக் கொடுத்தது ஆகாது என்று சொல்வார்கள்.

பழைய_பெர்சனல் | 22 பிப்ரவரி, மாலை 4.00

சொல்லிப் பார்ப்பார்கள். மேனேஜர் பெயருக்கு, அவர் அலுவலகத்தில், நிறுவனத்தின் உள்வரும் முத்திரையோடு கொடுத்தது. அவர் விடுப்பில் இருப்பது வாணியின் பிரச்சினை அல்ல. ஆனாலும் குமார் சொன்னபடி தபாலைப் போடுங்கள், தபால் எண்ணை அதே மின்னஞ்சலுக்குக் கீழே இன்னொரு பதிலாக எழுதுங்கள்.

வாணி_பிறை | வெள்ளி, 27 பிப்ரவரி, இரவு 8.20

தபால் வியாழக்கிழமை சேர்ந்ததாக இணையத்தில் காட்டுகிறது, படம் எடுத்துவிட்டேன். அட்டை இன்னும் வரவில்லை. நேற்றே மேனேஜரிடமிருந்து பதில்: மடிக்கணினியையும் பார்க்கிங் அட்டையையும் மார்ச் 31 கிளை மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். தேதியை அவரே எழுதிவிட்டார்!

முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, ஏற்கவில்லை என்றார், ஐயா சொன்னது போலவே. சரி பாஸ் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு சந்தேகம். மீதி விடுப்பை நோட்டீஸ் காலத்துக்குள் எடுத்து, மார்ச் 31-க்கு முன்பே போவதை நிறுத்தலாமா?

பழைய_பெர்சனல் | சனி, 28 பிப்ரவரி, காலை 7.45

விண்ணப்பியுங்கள், ஒப்புதல் எழுத்தில் வந்தால் எடுங்கள். ஒப்புதல் இல்லாமல் வீட்டில் உட்காராதீர்கள். அனுமதியும் தகுந்த காரணமும் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆக்கிவிடலாம். இவ்வளவு ஆதாரம் சேர்த்ததெல்லாம் பிறகு எதற்கு?

லாரி_ராஜா | 28 பிப்ரவரி, காலை 10.30

ஐயா, என்னுடைய அந்த அரை மாதச் சம்பளம், இப்போது கேட்டால் கிடைக்குமா? வாட்ஸ்அப் இன்னும் போனில் இருக்கிறது.

பழைய_பெர்சனல் | 28 பிப்ரவரி, காலை 11.10

எந்த வருடம்? ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ்? அதைச் சொல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. புதிய இழை ஒன்று தொடங்குங்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைத்துவிட்டு வாருங்கள்.